கோப்பினைத் திறக்கும் முன்னர்

(கழகத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் கூடத்திலும் காலணித் தையல் கூடத்திலும் வேலை தேடுவோர், தொழிற்சாலை வாயிலில் நேரே சென்று நிற்பது நெடுநாள் வழக்கம். அங்கே ஆளைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். இன்று நம் பிள்ளைகள் பட்டம் பெற்று, ஆய்வுக்கூடப் பணிக்கும் தரச் சோதனைப் பணிக்கும் ஏற்றுமதிப் பிரிவுப் பணிக்கும் விண்ணப்பிக்கின்றனர். அங்கே ஆளுக்கு முன்னதாக மின்னஞ்சல் ஒன்று போய்ச் சேருகின்றது. அது திறக்கப்படுவதற்கு முன்பே படிப்பவர் மனத்தில் எழும் எண்ணத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

விண்ணப்பத்தைப் பெறும் அலுவலரின் திரையில் முதலில் தெரிவது நம் மதிப்பெண்ணன்று. அனுப்பியவர் பெயர், பொருள் வரி, இணைத்த கோப்பின் பெயர் ஆகிய மூன்றுமே தெரிகின்றன. ஒரே பணிக்கு ஐம்பது, அறுபது விண்ணப்பங்கள் வந்து குவியும்போது, எதை முதலில் திறப்பது என்பதை அம்மூன்றுமே பெரிதும் முடிவு செய்கின்றன.

எம்மிடம் வந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தையே எடுத்துக் கொள்வோம். பெயரை மாற்றி, கலைச்செல்வி என்று வைத்துக் கொள்வோம். தாயார் தையல் கூடத்தில் பணிபுரிபவர். மகள் வேதியியல் பட்டதாரி. ஆய்வுக்கூட உதவியாளர் பணிக்கு நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. அவர் அனுப்பிய மின்னஞ்சலை எமக்கும் ஒருமுறை அனுப்பச் சொன்னோம். வந்ததைக் கண்டபோதுதான் குறை புலப்பட்டது.

அனுப்பியவர் பெயரென்று திரையில் தெரிந்தது அவருடைய அண்ணன் பெயர். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியில் அண்ணன் தொடங்கிய கணக்கு அது. முகவரியில் @ குறிக்கு முன்னர் இருந்தது `thalaveriyan1998` என்பதாகும். கோப்பின் பெயரோ `DOC-20240612-WA0007.pdf`. பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்தவர் அதை வாட்ஸ்அப் வழியே அனுப்ப, அச்செயலி இட்ட பெயரோடு கோப்பு அப்படியே போய்விட்டது. அக்கோப்பைக் கணினியின் உலாவியில் திறந்தபோது, மேலேயுள்ள தாவலில் முற்றிலும் வேறொருவர் பெயர் தெரிந்தது. சென்டர்க்காரர் முன்னர் யாருக்கோ செய்த கோப்பை எடுத்து, உள்ளிருந்த எழுத்துகளை மட்டும் மாற்றியிருக்கின்றார். வேர்டு கோப்பின் உட்பண்பில் பழைய தலைப்பு மாறாமல் நின்றுவிட்டது.

ஆக, ஒரு விண்ணப்பத்தில் மூன்று பேர் இருந்தனர். உழைத்துப் படித்த பெண் மூன்றாவது ஆளாக நின்றாள். அழைப்பு வராமைக்கு இது ஒன்றே காரணமென்று நாம் உறுதி கூற இயலாது. ஆயினும், பெண்ணின் விண்ணப்பம் ஆணின் பெயரோடு வந்தால் படிப்பவர் ஐயுறுவது இயல்பேயன்றோ?

திருத்தும் வழி எளிது. அவருக்கெனப் புதிய கணக்கு ஒன்று தொடங்கினோம். பெயரும் தந்தையின் முதலெழுத்துமே முகவரி. அது முன்னமே பிறரால் எடுக்கப்பட்டிருந்தமையால் ஊர்ப்பெயரைச் சேர்த்தோம். பிறந்த ஆண்டைச் சேர்க்கவில்லை. வயதை முகவரியிலேயே அறிவிக்க வேண்டிய தேவை இல்லை. முகவரி சரியாக இருந்து, தெரியும் பெயர் மட்டும் தவறாக இருப்போர்க்குப் புதுக்கணக்கு வேண்டுவதில்லை. கணினியில் ஜிமெயில் அமைப்புகளில் `Accounts and Import` என்ற பகுதியில், `Send mail as` என்பதற்கு எதிரேயுள்ள `edit info` வழியாகப் பெயரை மாற்றிக் கொள்ளலாம். பழைய கணக்கை உடனே அழித்துவிடல் ஆகாது. தேர்வு வாரியத்திலோ வேலைவாய்ப்புத் தளத்திலோ அம்முகவரியைக் கொடுத்திருந்தால், அழைப்பு அங்கேதான் வரும்.

கோப்பிற்கு `Kalaiselvi_M_Lab_Assistant.pdf` என்று பெயரிட்டோம். `Resume.pdf` என்று அனுப்பினால் என்ன குறை என்று கேட்பீர்கள். உங்கள் கணினியில் அது ஒன்றுதான் இருக்கும். அலுவலர் அதை இறக்கும்போது அங்கே அதே பெயரில் இருபது கோப்புகள் இருக்கும். கணினி அவற்றிற்கு (1), (2) என எண்ணிட்டு வைக்கும். மறுநாள் மேலாளர் கேட்கும்போது உங்களுடையதைத் தேடி எடுப்பது அவருக்குத் தொல்லை. தாவலில் தெரியும் தலைப்பை, வேர்டில் `File`, பின்னர் `Info` என்ற இடத்தில் `Title`, `Author` ஆகியவற்றைத் திருத்தி, மீண்டும் பி.டி.எஃப். ஆக்கிச் சரி செய்தோம்.

இன்னொன்றும் கண்டோம். சான்றிதழில் "எம். கலைச்செல்வி", ஆதாரில் தந்தையின் முழுப்பெயரோடு, விண்ணப்பத்தில் முதலெழுத்தே இல்லை. சான்றிதழில் உள்ளபடியே எங்கும் எழுதச் சொன்னோம். ஊர் முகவரியில் "வேலூர் மாவட்டம்" என்றிருந்தது. 2019 இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய விவரக் குறிப்பைப் படியெடுத்ததன் அடையாளம் அது.

இவை உண்மையில் மதிப்பீட்டை மாற்றுமா? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 73 ஆட்தேர்வாளர்களிடம் புனைந்த விவரக் குறிப்புகளைக் கொடுத்துச் சோதித்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். விளையாட்டான மின்னஞ்சல் முகவரி, எழுத்துப் பிழைகளுக்கு நிகராக விண்ணப்பதாரரின் மதிப்பைக் குறைத்தது.

இங்கே ஒரு தம்பி எழுந்து கேட்ட கேள்வியை மறைக்க மாட்டோம். அவர் தம் முகவரியில் அண்ணலின் பெயரைச் சேர்த்திருந்தார். "நடிகர் பெயரை நீக்கச் சொல்கின்றீர்கள், சரி. இதையும் நீக்குவது பணிந்து போவதாகாதா?" என்றார். நேர்மையான கேள்வி. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு அவர் ஐயத்திற்குச் சான்றாகும். நாளேடுகளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். மேல்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. இசுலாமியப் பெயருக்கு அதனினும் குறைவு.

ஆதலின், முகவரியைச் செம்மையாக்கினால் சாதியின் கண் மூடிவிடும் என்று நாங்கள் கூற மாட்டோம். கோப்பின் பெயர் அந்த அநீதியைத் தீர்க்காது. பெற்றோர் இட்ட பெயரை எவரும் மாற்ற வேண்டுவதில்லை. அதில் நாணத்திற்கு இடமேயில்லை. ஆனால் முகவரி நாமே தேர்ந்து கொள்வது. நம் கொள்கையை முகம் தெரியாத ஒருவரிடம், நாம் மறுமொழி கூற இயலாத இடத்தில், முதல் வரியிலேயே அறிவிப்பதா என்பது அவரவர் முடிவு. அத்தம்பி வேலைக்கென இரண்டாவது முகவரி ஒன்றை வைத்துக் கொண்டு, பழையதை நண்பர்க்கென வைத்துக் கொண்டார். வைத்திருப்பேன் என்று வேறொருவர் துணிந்தால், அவரையும் நாங்கள் தவறென்று சொல்லோம். அறிந்து செய்வது வேறு. சென்டர்க்காரர் செய்ததை அறியாமல் அனுப்புவது வேறு.

எனவே நிறுவனத்திற்கு அனுப்புமுன், நண்பர் ஒருவருக்கு அனுப்புங்கள். அவர் திரையில் என்ன பெயர் தெரிகின்றது, கோப்பிற்கு என்ன பெயர், திறந்தால் தாவலில் யார் பெயர் என்று அருகிலிருந்து பாருங்கள். மூன்றிலும் நீங்களே இருந்தால் அனுப்புங்கள். அதன்பின் பேச வேண்டியது உங்கள் படிப்பு.