உள்ளே போகாத வீக்கம்

நான் ஒரு சர்ஜன். டாக்டர்கிட்டகூட சொல்லக் கூச்சப்பட்டு நிறைய பேர் மறைக்கிற ஒரு விஷயத்தைப் பத்தி இன்னைக்குப் பேசலாம்: தொடை இடுக்குல வர்ற ஹெர்னியா, அதாவது குடலிறக்கம்.

ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது, விதைகள் முதல்ல வயித்துக்குள்ளதான் இருக்கும். அப்புறம் அடிவயித்துச் சுவர் வழியா விதைப்பைக்கு இறங்கும். இறங்கின அந்தப் பாதையில சுவர் எப்பவுமே கொஞ்சம் பலவீனம்தான். இருமும்போது, முக்கும்போது, எடை தூக்கும்போது வயித்துக்குள்ள அழுத்தம் ஏறுது. அந்த இடம் விட்டுக்கொடுத்தா, வயித்தோட உள்ளுறை ஒரு பை மாதிரி பிதுங்கும். அந்தப் பைக்குள்ள குடல் வந்து இறங்கும்.

என்கிட்ட வந்த ஒரு தம்பிக்கு 28 வயசு. தண்ணி கேன் போடுற வேலை. எட்டு மாசமா வலது பக்கம் எலுமிச்சை அளவு வீக்கம். நின்னா வரும், படுத்தா உள்ளே போயிடும். வலி இல்லை, அதனால விட்டுட்டார். ஒருநாள் சாயங்காலம் படுத்தும் அது உள்ளே போகலை. தொட்டா கல்லு மாதிரி, உயிர் போற வலி. ராத்திரி வாந்தி. கேஸ் பிரச்சனைன்னு மாத்திரை போட்டுட்டு, விடியற்காலையிலதான் வந்தார்.

உள்ளே நடந்தது இதுதான். ஓட்டை குடலோட கழுத்தை இறுக்கிப் பிடிச்சுது. ரத்தம் வெளியேறுற நரம்புகள் மெலிசானவை, அதனால அவைதான் முதல்ல அடைபடும். உள்ளே வந்த ரத்தம் வெளியே போக முடியாம குடல் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். கடைசியில ரத்தம் உள்ளே வர்றதும் நின்னு, குடல் அழுக ஆரம்பிக்கும். ஓட்டை சின்னதா இருந்தா பயம் குறைவுன்னு நினைக்காதீங்க. குறுகலான ஓட்டைதான் நல்லா இறுக்கும்.

ஆபரேஷன்ல பார்த்தப்போ குடல் கருநீலமா இருந்துச்சு. இறுக்கத்தை விடுவிச்சு, வெதுவெதுப்பான ஈரத் துணியில சுத்தி வச்சுக் காத்திருந்தோம். மெதுவா ரோஸ் நிறம் திரும்புச்சு. திரும்பலைன்னா அந்தத் துண்டை வெட்டி எடுத்திருக்கணும்.

அதனால இதை ஞாபகம் வச்சுக்கோங்க. வீக்கம் திடீர்னு உள்ளே போகாம கெட்டியாயிட்டா, வலி விடாம கூடினா, வாந்தி வந்தா, காத்தும் மலமும் நின்னுட்டா, மேல்தோல் சிவந்தா, அப்பவே எமர்ஜென்சிக்குப் போங்க. எல்லாம் சேர்ந்து வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால எதுவும் சாப்பிடவும் வேண்டாம்.

பெண்களுக்கு ஹெர்னியா குறைவு. ஆனா அவங்களுக்குத் தொடையோட மேல்பகுதியில வர்ற ஒரு வகை சீக்கிரமா மாட்டிக்கும். அங்க சின்னக் கட்டி தெரிஞ்சாலும் காட்டிடுங்க.

படுத்தா உள்ளே போற வீக்கம்னா அவசரம் இல்லை, ஆனா தானா சரியாகவும் ஆகாது. வலி இல்லாதப்பவே சர்ஜனைப் பார்த்தா, வலை வச்சுச் சுவரைப் பலப்படுத்துற ஆபரேஷனுக்கு நாமளே நாள் குறிச்சுக்கலாம்.