கடல் கடந்து வரும் பொதி

ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, மாலை வேளையில் தைத்து நாலு காசு தேட எண்ணி, வெளிநாட்டு இணையத்தளமொன்றிலே சிறிய தையல் இயந்திரமொன்றைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விலை 60 டொலர். டொலருக்கு 300 ரூபா வீதம் 18,000 ரூபா. "இவ்வளவுதானா!" என்று மகன் கைப்பேசியிலே விரலை வைக்கப் போகிறான். அந்த விரல் சற்றே நிற்கட்டும்.

செய்தியிலே கேட்கும் டொலர் விலை வேறு. வங்கி தன் அட்டைக்குக் கணக்கிடும் விலை வேறு. வங்கியின் விற்பனை விலையோடு நாணயமாற்றுக் கட்டணமும் சேரும். விலையும் நிலையானதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்திலே 360 ரூபா அளவுக்கு ஏறிவிட்டது.

அடுத்தது சுங்கம். சுங்கத்தார் பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. காப்புறுதியையும் கூலியையும் கூட்டியே பெறுமதி காண்பர். அனுப்பும் கூலி, காப்புறுதி உட்பட, 20 டொலர் எனில் பெறுமதி 24,000 ரூபா. தீர்வை 20 சதவீதம் எனக் கொண்டால் 4,800 ரூபா. பின்னர் பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரியில் இவ்வரி 18 சதவீதமாக்கப்பட்டது. இதனை 24,000 ரூபாவின் மீது மட்டும் விதிப்பதில்லை. அதனோடு பத்திலொரு பங்கான 2,400 ரூபாவையும், தீர்வையையும் கூட்டி, 31,200 ரூபாவின் மீது விதிப்பர். அது 5,616 ரூபா. ஆக வரி மட்டும் 10,416. மொத்தச் செலவு 34,416 ரூபா. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்கூலிப்படி அந்த வரி ஏறக்குறைய எட்டு நாள் உழைப்பு! பண்டத்திற்குப் பண்டம் தீர்வை மாறும். சிலவற்றிற்கு வேறு வரிகளும் சேரும்.

பொதி கொழும்பை அடைந்தாலும் கவலை தீராது. லயன் அறைகள் பலவற்றிற்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே வருகின்றன. வரி செலுத்துமாறு வந்த அறிவித்தல் அங்கே கிடந்து பிந்தினால் பொதி திரும்பிப் போகவும் கூடும். ஆதலால், நகரிலே கடை வைத்திருக்கும் உறவினரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கொடுப்பது நலம். பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத் தளம் தரும் இறுதி நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பொதி வருமுன்னே அந்நாள் கடந்துவிடலாம்.

உத்தரவாதமோ பெரும்பாலும் விற்பவர் நாட்டிற்கே உரியது. இயந்திரம் பழுதானால் திருப்பி அனுப்பும் கூலி வாங்கியவர் தலையிலே விழும். அமெரிக்காவின் 120 வோல்ற்றுக்கென்றே அமைந்த இயந்திரத்தை நம் 230 வோல்ற்றிலே பொருத்தினால் அது எரிந்துபோகும். அதற்கு எந்த உத்தரவாதமும் கைகொடாது.

ஆகவே அந்தத் தாய், 34,416 ரூபாவை ஒரு தாளிலே எழுதி எடுத்துக்கொண்டு, ஹட்டன் கடைவீதியிலே அத்தகைய இயந்திரத்தின் விலையை முதலிற் கேட்கட்டும். பழுதானால் திருத்துபவர் யார் என்றும் அங்கேயே கேட்டறியட்டும். அதன் பின்னர் மகன் விரலை வைக்கலாம்.