ரெண்டு லேப்டாப், ரெண்டு விவரத் தாள்: எந்த வரிக்கு எவ்வளவு மதிப்பு?



கல்லூரியில் முதல் வருஷம் சேரப்போகும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்க வேண்டும். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒன்றிரண்டாயிரம் போடலாம். போனில் தேடித் தேடி, கடைசியில் ரெண்டு மாடலில் வந்து நிற்கிறீர்கள். ஒன்று 38,990, இன்னொன்று 41,490. ரெண்டுக்கும் கீழே நீளமாக ஒரு விவரப் பட்டியல் இருக்கும். பெரும்பாலானவர்கள் மேலே உள்ள மூணு வரியைப் பார்த்துவிட்டு, "விலை குறைவா இருக்கிறதையே எடுத்துடலாம்"னு முடிவு பண்ணிடுவாங்க. அந்தப் பட்டியலைத்தான் இன்னைக்கு உங்களோடு சேர்ந்து வரி வரியாகப் படிக்கப்போகிறேன். பிராண்டு பேர் வேண்டாம். 38,990 ரூபாய் மாடலை 'அ' என்றும், 41,490 ரூபாய் மாடலை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். சந்தையில் இந்த விலை ஒட்டி வரும் மாடல்கள் பலவும் இப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்க: வாங்கின பிறகு இதை மாத்த முடியுமா? மாத்த முடியாத வரி என்றால், நாலு வருஷத்துக்கும் அதோடுதான் வாழணும். அங்கே கொடுக்கும் காசு வேறு, பின்னாடி சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றுக்குக் கொடுக்கும் காசு வேறு.

முதல் வரி பிராசசர். இதை மாத்தவே முடியாது. 'அ' தாளில் Ryzen 5 7520U என்று போட்டிருக்கிறது. 'ஆ' தாளில் Core i3-1215U. பார்த்தவுடனே என்ன தோணும்? அங்கே 5, இங்கே 3, அப்போ 'அ' தான் பெரிசு. அதுவும் விலை குறைவு!

அந்த 5, 3 ரெண்டும் அந்தந்த கம்பெனி தன் சொந்தப் பொருளுக்குள்ளே வைத்துக்கொண்ட தரவரிசை. ஒரு கம்பெனியின் 5ஐ இன்னொரு கம்பெனியின் 3ஓடு ஒப்பிடவே முடியாது. பார்க்க வேண்டியது பின்னால் வரும் நாலு இலக்க எண். ரைசன் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூணாவது இலக்கம், உள்ளே இருக்கும் கோர் எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்பதைச் சொல்லும். 7520ல் அது 2. அதாவது ஜென் 2, 2019ல் வந்த வடிவமைப்பு. சிப் புதுசுதான், ஆனால் உள்ளே ஓடும் எஞ்சினின் வரைபடம் பழசு. 7530U என்று இருந்தால் மூணாவது இலக்கம் 3, அது ஜென் 3; கோரும் ஆறு. ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், பொருளோ வேறு.

'ஆ'வில் உள்ள 1215Uவில் முதல் ரெண்டு இலக்கமும் சேர்ந்து 12ஆம் தலைமுறை என்று அர்த்தம், 2022ல் வந்தது. 'அ'வில் நாலு கோர். 'ஆ'வில் ரெண்டு பெரிய கோர், நாலு சின்ன கோர், ஆக ஆறு. பிரவுசர் திறப்பது, எக்செல் கணக்கு, புரோகிராம் ஓட்டுவது போன்ற தினசரி வேலைகளில் ஒரு தனிக் கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கைக்குத் தெரியும். அதில் இந்த i3, அந்த ரைசன் 5ஐத் தெளிவாகவே முந்தும். "4.3 GHz", "4.4 GHz" என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்பாதீங்க. அது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எட்டிப்பிடிக்கும் உச்சம், வேறு வேறு வடிவமைப்புகளை அதை வைத்து எடை போட முடியாது. 'அ'வுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. அது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும் சிப், சூடு கம்மி. பேட்டரி வரிக்கு வரும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ரெண்டாவது வரி மெமரி, அதாவது ரேம். என்னைக் கேட்டால் இந்த ஒப்பீட்டில் முக்கியமான வரியே இதுதான். ரெண்டு தாளிலும் எட்டு ஜிபி. சமம் என்று தாண்டிப் போயிடுவீங்க. ஆனால் முழு வரியையும் படியுங்க.

'அ' தாள்: "8GB LPDDR5 Onboard".
'ஆ' தாள்: "8GB DDR4 (1 x 8GB), 2 slots, up to 16GB".

'Onboard' அல்லது 'Soldered' என்றால் ரேம் சிப்பைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கழற்ற முடியாது, இன்னொன்றும் சேர்க்க முடியாது. இந்த 7520U இந்த வகை ரேமோடு மட்டுமே வேலை செய்யும், அதனால் எந்தக் கம்பெனி லேப்டாப்பில் வந்தாலும் இதே கதைதான். வேகத்தில் டிடிஆர்5 முந்தும், அது உண்மை. ஆனால் இடம் பத்தாதபோது வேகம் கைகொடுக்காது.

எட்டு ஜிபி பத்துமா? விண்டோஸ் 11 திறந்து நின்றாலே மூணு, நாலு ஜிபி போயிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கு வேண்டியதும் இதிலிருந்தே போகும். மீதியில் பிரவுசரில் பத்துப் பன்னிரண்டு டேப், ஆன்லைன் வகுப்பு, கூடவே ஒரு வேர்டு ஃபைல். நிரம்பிடுச்சு. நிரம்பியதும் கம்ப்யூட்டர் நிற்காது. ரேமில் இருப்பதை எடுத்து எஸ்எஸ்டியில் வைத்து வைத்து எடுக்கும். டேப் மாற்றினால் ஒரு நொடி வெள்ளைத் திரை, வீடியோ காலில் குரல் அறுபடுவது, எல்லாம் அதன் அடையாளம். இன்னைக்குச் சமாளிக்கலாம். மூணாவது வருஷத்தில், புராஜெக்ட் வேலை வரும்போது, 'ஆ' வைத்திருப்பவர் காலியாக இருக்கும் ஸ்லாட்டில் இன்னொரு எட்டு ஜிபி போட்டுக்கொள்வார். 'அ' வைத்திருப்பவர் வேறு லேப்டாப்தான் பார்க்கணும்.

ரேம் விலை ஏறும், இறங்கும். அதனால் வாங்கப் போகும் அன்றே கடையில் எட்டு ஜிபி ரேம் என்ன விலை என்று கேட்டு, அதை 'ஆ'வின் விலையோடு கூட்டிப் பாருங்க. நேர்மையான ஒப்பீடு அதுதான்.

அடுத்தது ஸ்டோரேஜ். ரெண்டிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி. பின்னாடி மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இதற்கு அதிக நேரம் வேண்டாம். 'eMMC' என்று மட்டும் போட்டிருக்கக் கூடாது, அது மெதுவானது. வாங்கிய பிறகு விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டினால் ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. கம்பெனி ஆயிரத்தின் கணக்கில் சொல்கிறது, விண்டோஸ் 1024இன் கணக்கில் காட்டுகிறது.

திரைக்கு வருவோம். இதுவும் மாத்துவதற்கு லாயக்கில்லாத வரி, மாற்றினால் செலவு கூடுதல். 'அ': 15.6 அங்குலம், ஃபுல் எச்டி, 220 நிட்ஸ். 'ஆ': அதே அளவு, ஃபுல் எச்டி, 250 நிட்ஸ், ஐ.பி.எஸ். அந்த ஐ.பி.எஸ். முக்கியம். (போலீஸ் ஐ.பி.எஸ். இல்லீங்க!) பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத திரை என்று பொருள். தாளில் ஐ.பி.எஸ். என்றோ WVA என்றோ எதுவுமே போடவில்லையென்றால் சந்தேகப்படுங்க. பெருமைப்பட ஏதாவது இருந்தால் கம்பெனி சொல்லாமல் விடாது. கடையில் இருக்கும் மாடலின் திரையை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்க, முகங்கள் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி மாறினால் தெரிந்துவிடும். 220, 250 ரெண்டுமே வெளிச்சத்தில் சுமார்தான். உங்கள் போன் பெரும்பாலும் இதைவிட ரெண்டு மடங்கு பிரகாசமாக இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை என்றால் ரெண்டிலும் கண்ணைச் சுருக்கணும்.

பேட்டரி. "10 மணி நேரம் வரை" என்ற வரியை விட்டுடுங்க, Wh என்று எங்கே இருக்கிறதென்று தேடுங்க. ரெண்டிலும் 42 Wh. லேப்டாப் சராசரியாக ஏழு வாட் எடுத்தால் ஆறு மணி நேரம், பத்து வாட் எடுத்தால் நாலு மணி நேரம் சொச்சம். இங்கேதான் 'அ'வின் சிக்கனமான சிப்புக்கு லாபம். அதே அளவு பேட்டரியில் அது கொஞ்சம் கூடுதலாக ஓடும். ஹாஸ்டலில் பிளக் பாயிண்ட்டுக்குச் சண்டை என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

இனி மென்பொருள். ரெண்டிலும் விண்டோஸ் 11 இருக்கிறது, நல்லது. 'DOS' என்று போட்டிருந்தால் விண்டோஸ் தனிச் செலவு. 'அ'வோடு "Office Home & Student 2021" வருகிறது. அந்த ஒரு லேப்டாப்புக்கு மட்டும், ஆனால் காலக்கெடு இல்லை. 'ஆ'வில் "Microsoft 365 Trial". சோதனைக் காலம் முடிந்தால் சந்தா கட்டச் சொல்லும். எம்எஸ் ஆபீஸ்தான் வேணும் என்று இருந்தால் 'அ'வுக்கு இங்கே நல்ல மதிப்பு. சில கல்லூரிகள் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகின்றன, சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். இலவச லிப்ரெ ஆபீஸ் போதும் என்பவர்களுக்கு இந்த வரியால் வித்தியாசமே இல்லை.

கடைசியில் பொடி எழுத்தில் வாரண்டி. 'அ': ஒரு வருஷம், 'carry-in'. 'ஆ': ஒரு வருஷம், 'onsite'. முதலாவது என்றால் நீங்கள்தான் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகணும். ரெண்டாவது என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். சென்னையில் இருப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்து சர்வீஸ் சென்டர் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால், ஒப்படைக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள், பஸ் செலவு, விட்ட கூலி எல்லாம் சேரும். அந்தக் கம்பெனி இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு முன்னாடியே பாருங்க. 'onsite' என்றாலும் உங்கள் பகுதிக்கு வருவார்களா என்று அங்கேயே தெரியும்.

இப்போ கணக்கு. வித்தியாசம் 2,500 ரூபாய். நாலு வருஷத்துக்குப் பிரித்தால் மாசம் 52 ரூபாய். அந்தக் காசுக்கு வேகமான பிராசசர், ஐ.பி.எஸ். திரை, வீட்டுக்கு வரும் வாரண்டி, ரேம் சேர்க்க ஒரு வழி கிடைக்கிறது. விட்டுக்கொடுப்பது ஆபீஸும் கொஞ்சம் பேட்டரியும். நாலு வருஷம் படிக்கப்போகும் பிள்ளைக்கு நான் 'ஆ'வைத்தான் சொல்வேன். வீட்டில் பில் போட, ஆன்லைன் விண்ணப்பம் நிரப்ப, கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் என்றால் 'அ' போதும், 2,500 மிச்சம். அதே 'அ' பதினாறு ஜிபி பற்றவைத்து வந்தால் என் பதில் அவ்வளவு உறுதியாக இருக்காது. அப்போது ரேம் கவலை போய்விடும், பிராசசரும் திரையும்தான் போட்டி.

ஒரு விஷயம் பாக்கி. ஒரே மாடல் பேரில் பல ரகம் வரும். விளம்பரத்தில் ஒன்று, பெட்டிக்குள்ளே வேறொன்று என்று நடப்பது அதனால்தான். பேருக்குப் பின்னால் உள்ள முழு மாடல் எண்ணை விளம்பரத்திலிருந்து குறித்துக்கொண்டு, பெட்டியின் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்க. பில்லிலும் அதே எண் இருக்கட்டும். லேப்டாப்பைத் திறந்ததும் Ctrl + Shift + Esc அழுத்தி, Performance, பிறகு Memory போங்க. 'ஆ' என்றால் Slots used: 1 of 2 என்றும், Form factor இடத்தில் SODIMM என்றும் காட்டணும். அங்கே Row of chips என்று வந்தால் அது பற்றவைத்த ரேம், நீங்கள் காசு கொடுத்த பொருள் அது இல்லை. திரையைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்காரரிடம் அன்றைக்கே காட்டுங்க. மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.