முதல் மின்னஞ்சலில் டியரா, ஹலோவா, ஹாயா?

குந்தா வட்டத்து மஞ்சூரில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், ஜெர்மனியிலுள்ள வியாபாரிக்கு மாதிரித் தேயிலை அனுப்ப நினைக்கிறார். முதல் மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது?

விலை, ஒப்பந்தம் பற்றிய கடிதம் என்பதால் டியர்தான் பொருத்தம். பழக்கமில்லாதவருக்கு எழுதும்போது டியர் என்பதில் கொஞ்சலோ நெருக்கமோ இல்லை; அது வெறும் மரியாதை. டாக்டர் பட்டம் பெற்றவரென்றால் அதையும் சேர்த்துக் குடும்பப் பெயரை எழுத வேண்டும். ஜெர்மானியர்கள் அதைக் கவனிப்பார்கள்.

டியர் சார் என்று பொதுவாகத் தொடங்கினால், படிப்பவர் பெண்ணாக இருந்துவிடலாம். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது டியர் அல்லது ஹலோ என்று போட்டு முழுப் பெயரையும் எழுதினால் சிக்கலில்லை.

சிக்கல் நம் பக்கத்திலும் உண்டு. அந்தத் தோட்டக்காரரின் பெயர் சுமதி என்று வைத்துக்கொள்வோம்; அவருடைய தந்தை ராமன். மின்னஞ்சல் கணக்கில் சுமதி ராமன் என்று பதிவாகியிருந்தால், வெளிநாட்டவர் ராமனைக் குடும்பப் பெயரென்று நினைத்து, டியர் மிஸ் ராமன் என்று பதில் எழுதுவார். அதாவது அப்பாவின் பெயரால் மகளை அழைப்பார்! கடிதத்தின் முடிவில், தன்னைச் சுமதி என்று அழைக்கலாம் என ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

ஹாய் சொல்ல அவசரம் வேண்டாம். வியாபாரியின் பதில் ஹாய் சுமதி என்று தொடங்கி, அடியில் அவருடைய முதல் பெயர் மட்டும் இருந்தால், அடுத்த மின்னஞ்சலில் சுமதியும் ஹாய் போடலாம்.