படம் போட்டுக் காட்டிய திட்டத்தில் திகதி எங்கே?
(தோட்டத் தலைவர், தலைவிமார் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடமைப்புத் திட்டம் என்று கூப்பிட்டு, சுவரில் இருபது படம் காட்டி, தேநீரும் தந்து அனுப்பிவிடுகிறார்கள். வெளியே வந்தபின் "வீடு எப்போது?" என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொல்கிறோம். அதனால் முதலில் அந்தப் படங்களின் பிரதியைக் கேட்டு வாங்குவோம். பிறகு கொப்பியில் மூன்று கோடு போட்டு, என்ன வேலை, என்ன திகதி, எத்தனையாம் பக்கம் என்று எழுதுவோம். திகதியை அச்சில் உள்ளபடியே எழுத வேண்டும். "ஆண்டு நடுப்பகுதி" என்றிருந்தால் அப்படியே எழுதுங்கள். நாமாக ஜூன் என்று மாற்றக்கூடாது. கட்டம் போட்ட வரைபடத்தில் கோடு முடியும் மாதத்தைக் கண்ணால் பார்த்து எடுத்தால், பக்கத்தில் "கோட்டைப் பார்த்து" என்று குறியுங்கள். அடியில் உள்ள பொடி எழுத்தையும் விடாதீர்கள். நிபந்தனைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பயிற்சிக்காக நாமே ஓர் உதாரணம் செய்தோம். 3ஆம் பக்கத்தில் அத்திவாரம் ஜூன் 2026. 14ஆம் பக்கத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை ஆகஸ்ட் 2026. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பிழை தெரியாது. திகதி வரிசையில் அடுக்கியதும்தான் தெரிகிறது: அந்த இடத்தில் வீடு கட்டலாமா என்று சொல்லும் அறிக்கை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அத்திவாரம் வெட்டுகிறார்கள்! எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இரண்டையும் பக்க எண்ணோடு வைத்துக்கொண்டு கேட்போம்.

இன்னொன்று. 17ஆம் பக்கத்தில் வீடு கையளிப்பு "2027 முதலாம் காலாண்டு", 21ஆம் பக்கத்தில் "ஜூன் 2027". முரண்பாடு என்று உடனே சத்தம் போட வேண்டாம். ஜனவரியில் தொடங்கும் ஆண்டுக்கு முதலாம் காலாண்டு மார்ச்சில் முடியும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு அது ஜூனில் முடியும். இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில்தான் தொடங்குகிறது. இங்கும் மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பனிகள் உண்டு. ஆகவே "எந்த ஆண்டின் காலாண்டு?" என்பதுதான் முதல் கேள்வி. ஜனவரி ஆண்டுதான் என்றால், இரண்டு பக்கமும் மோதுகின்றன. பழைய படத்தொகுப்பிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து ஒட்டினாலும் இப்படி வரும். அந்தப் பக்கத்தின் அடியில் வேறு வருடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, இல்லாததைத் தேட வேண்டும். இது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் இல்லாதது கண்ணில் படாது. காணி அளவீடு, மண்சரிவு அறிக்கை, பாதை, தண்ணீர், மின்சாரம், வீடு, உறுதிப்பத்திரம் என்று நமக்குத் தேவையானதை முதலே எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் திகதி இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்போம். நம் உதாரணத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. உறுதிப்பத்திரம் 20ஆம் பக்கத்தில் இருக்கிறது, அழகான படத்தோடு, திகதிதான் இல்லை.

கடிதத்தில் மூன்றே கேள்வி போதும்: 3ஆம் பக்கமா 14ஆம் பக்கமா, எந்த ஆண்டின் காலாண்டு, தண்ணீரும் உறுதியும் எந்த மாதம். பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்டு, பிரதியொன்றைத் தோட்டக் கமிட்டிக் கோப்பில் போடுவோம்.