முடிச்சில் எதை எழுதுவது?



திட்ட இடர் மேலாண்மை கற்பிக்கும் ஆசிரியர்கள் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்க அழைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். எனக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள் இருவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பேசுவதில் சற்று நடுக்கமும் இருக்கிறது.

'இடர் மேலாண்மைக் கல்வியில் வரைபட முறைகள்' என்பது கருத்தரங்கின் பொருள். நிகழ்தகவு அணி, தவறு மரம், நிகழ்வு மரம் பற்றியெல்லாம் அமர்வுகளில் விரிவாகப் பேச இருக்கிறார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. நாம் எல்லோரும் மாணவர்களுக்குக் கொடுக்கும் ஒரே ஒரு ஒப்படைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 'ஒரு திட்டத்தின் பெரிய இடர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குப் போ-டை வரைபடம் வரைக.' இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள், நடுவில் முடிச்சு, வழியெங்கும் கட்டுப்பாடுகள். வடிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பல ஆண்டுகளாக இந்தத் தாள்களைத் திருத்தி வருகிறேன். பெரும்பாலான தாள்கள் முடிச்சிலேயே வழி தவறிவிடுகின்றன. முடிச்சில் 'திட்டம் தாமதமாதல்' என்றோ 'உயிரிழப்பு' என்றோ எழுதியிருக்கும். மேலாண்மைத் துறை நண்பர்கள் முதல் வகையை ஆதரித்து முன்பு கட்டுரை படித்திருக்கிறார்கள். செலவும் காலமும்தான் திட்டத்தின் நோக்கங்கள், ஆகவே அவற்றின் இழப்பே முடிச்சு என்பது அவர்கள் வாதம். அவர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த இடத்தில் உடன்பட முடியவில்லை. காரணத்தை ஒரு நிகழ்வை வைத்துச் சொல்கிறேன்.

2004 ஏப்ரல் 20 அன்று பிற்பகல் சிங்கப்பூரில் நிக்கோல் நெடுஞ்சாலை ஓரமாக மெட்ரோ வட்டப் பாதைக்குத் தோண்டப்பட்டுக்கொண்டிருந்த பள்ளம் இடிந்து விழுந்தது. ஆழம் ஏறக்குறைய 30 மீட்டர். சுற்றிலும் மென்மையான கடற்களிமண். இரு பக்கமும் கான்கிரீட் டயாஃப்ரம் சுவர்கள். அவை உள்நோக்கிச் சாயாமல் இருக்க, குறுக்கே அடுக்கடுக்காக எஃகு ஸ்ட்ரட்டுகள். சுவரின் தள்ளுவிசையை வாங்கி ஸ்ட்ரட்டுக்குக் கொடுப்பது வேலர் என்னும் நீளவாட்டு உத்திரம். ஒன்பது அடுக்கு ஸ்ட்ரட்டுகள் பொருத்தி, பத்தாவதுக்காகத் தோண்டும்போது ஒன்பதாம் அடுக்கில் ஸ்ட்ரட்டும் வேலரும் சேரும் இணைப்புகள் நசுங்கின. அந்தச் சுமை மேலடுக்குகளுக்குத் தாவியது, அவையும் தாங்கவில்லை. 4 பேர் இறந்தார்கள். நெடுஞ்சாலையின் ஒரு பகுதி பள்ளத்துக்குள் போயிற்று. அந்தச் சாலை டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. நிலையத்தை அதே இடத்தில் கட்டாமல் தடத்தையே மாற்றினார்கள்.

இதற்கு முடிச்சு எது? தாமதம் என்று எழுதினால் மழை, நிலம் கையகப்படுத்தல், ஒப்பந்தத் தகராறு என்று நூறு காரணங்கள் இடப்பக்கம் வந்து குவியும். ஸ்ட்ரட் இணைப்பு அவற்றில் ஒன்றாகக் கரைந்துவிடும். உயிரிழப்பு என்று எழுதினால் வலப்பக்கத்தில் எழுத எதுவும் மிஞ்சாது. 'சரிவு' என்பதுகூடக் காலம் கடந்த முடிச்சு. 'ஸ்ட்ரட்–வேலர் இணைப்பு சுமை தாங்கும் திறனை இழத்தல்' என்று எழுதுங்கள். கட்டுப்பாடு கைநழுவிய கணம் அதுதான். அப்போது இடப்பக்கம் 'ஏன் இழந்தது' என்ற கேள்விக்கும், வலப்பக்கம் 'இழந்தபின் மனிதரை எப்படி வெளியேற்றுவது, எரிவாயுக் குழாயை யார் மூடுவது, சாலையை யார் மறிப்பது' என்ற கேள்விகளுக்கும் இடம் கிடைக்கிறது. அன்று காலையிலேயே ஒன்பதாம் அடுக்கிலிருந்து விநோதமான ஒலிகள் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே இருந்த அந்த நேரம்தான் வலப்பக்கத்தின் முழு மதிப்பு. தாமதத்தை முடிச்சாக்கிய படத்தில் அந்த நேரம் கண்ணுக்கே படாது.

இனி, நான் வழக்கமாகச் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விபத்து குறித்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2005இல் வெளியாயிற்று. நம் பாடத்திட்டங்களில் அதைக் காணவே முடிவதில்லை. பாடநூலின் கற்பனைக் கிடங்குத் தீ விபத்தை விட்டுவிட்டு இந்த அறிக்கையைக் கொடுங்கள் என்று கேட்டபோது, மாணவர்களுக்கு அது கடினம் என்று பாடக்குழுவில் மறுத்தார்கள். அறிக்கை சொல்லும் காரணங்களோ முதுநிலை மாணவருக்குப் புரியக்கூடியவையே. கணினிப் பகுப்பாய்வில் கையாண்ட முறை களிமண்ணின் வலிமையைக் கூட்டிக் காட்டியது. அதனால் சுவர் எவ்வளவு வளையும் என்ற கணக்கு குறைவாக வந்தது. இணைப்பின் வடிவமைப்பில் தனியாக ஒரு பிழை நேர்ந்து, அதன் திறன் தேவைக்கு மிகக் கீழே நின்றது. வேறிடத்தில் விறைப்புத் தகடுகள் வளைந்தபோது அவற்றுக்குப் பதிலாக சி-சேனல் வைத்தார்கள். அதனால் திறன் பெரிதாகக் கூடவில்லை. முறியும்போது திடீரென்று முறியும் தன்மைதான் சேர்ந்தது.

இந்த விவரங்களைக் கொடுத்தால் நம் மாணவர் இடப்பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரைவார்: வடிவமைப்புச் சரிபார்ப்பு, இன்க்ளினோமீட்டர் கண்காணிப்பு, எச்சரிக்கை அளவு. மூன்று கட்டுப்பாடுகள், மூன்று மதிப்பெண்கள். எனக்கு இங்கேதான் ஆட்சேபம். எச்சரிக்கை அளவு எங்கிருந்து வருகிறது? வடிவமைப்புக் கணக்கிலிருந்து. சுவர் அந்த அளவைத் தாண்டி வளைந்தபோது என்ன செய்தார்கள்? பின்னோக்கிப் பகுப்பாய்வு செய்து அளவையே உயர்த்தினார்கள், வேலை தொடர்ந்தது. அந்தப் பகுப்பாய்வுகளும் குறையுடையவை என்று விசாரணையில் தெரிந்தது. ஆக, தாளில் மூன்றாக நிற்பவை ஒரே கணக்கின் மேல் நிற்கின்றன. அது சாய்ந்தால் மூன்றும் சாயும். ஒன்றையொன்று சாராமல் இருப்பது தடுப்பின் அடிப்படைத் தகுதி.

கண்காணிப்பு தனியாக ஒரு தடுப்பாகாது என்றும் சொல்லியாக வேண்டும். கருவி அளப்பது, அளவைத் தாண்டிவிட்டது என்று ஒருவர் தீர்மானிப்பது, தோண்டலை நிறுத்துவது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு தடுப்பு. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுதாத கட்டத்தை நான் தடுப்பாக எண்ணுவதில்லை. 'அளவை உயர்த்திவிடும் அழுத்தம்' என்பதை அந்தத் தடுப்பின் கீழே, அதை வலுவிழக்கச் செய்யும் காரணியாக வரைய வேண்டும். அளவை மாற்றுவதென்றால் வடிவமைத்தவரைச் சாராத வேறொரு பொறியாளர் ஒப்ப வேண்டும் என்பது அந்தக் காரணிக்கான காப்பு. 2018இல் அமெரிக்க வேதிச் செயல்முறைப் பாதுகாப்பு மையமும் லண்டன் எனர்ஜி இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நூல் தடுப்பையும் இத்தகைய காப்பையும் வேறுபடுத்தியே வைக்கிறது. பயிற்சி, நடைமுறைக் கையேடு, ஆய்வுக் கூட்டம் ஆகியவற்றை முதன்மைக் கோட்டில் ஏற்றும் நம் பழக்கத்துக்கு அதில் இடமில்லை.

இந்த அளவு கண்டிப்பு மாணவரின் படத்தை வெறுமையாக்கிவிடும் என்று சென்ற கருத்தரங்கில் ஒரு மூத்த பேராசிரியர் சொன்னார். உண்மைதான், பத்துக் கட்டங்கள் இரண்டாகச் சுருங்கும். அந்த இரண்டைத்தான் தளப் பொறியாளர் காலையில் போய்ச் சரிபார்க்க முடியும். மற்ற எட்டும் இருப்பதாக நம்பி ஆட்களைப் பள்ளத்துக்குள் இறக்குவது எனக்கு அச்சமாக இருக்கிறது.

நிறைவு அமர்வில் நம் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை வகுக்கப் போகிறோம். அதன் வரைவில் 'கட்டுப்பாடுகளின் எண்ணிக்கை: 5 மதிப்பெண்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு தடுப்பும் வேறெதையும் சாராமல் நிற்கிறதா, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த 5 மதிப்பெண்ணை ஒதுக்கும்படி அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.