இயலும் இயைபும்

ஆய்வேட்டின் ஒவ்வோர் இயலுக்கும் முன்னுரையும் தொகுப்புரையும் வேண்டும் என்பதை நம் துறைகளில் யாரும் மறுப்பதில்லை. ஆயினும் அவை பெரும்பாலும் சடங்காகவே நிற்கின்றன. 'இவ்வியலில் கூற்றுகள் ஆராயப்படுகின்றன' என்று தொடங்கும் இயல், 'இவ்வியலில் கூற்றுகள் ஆராயப்பட்டன' என்று முடிகிறது. வினைமுற்றின் காலம் மாறியதைத் தவிர நமக்கு வேறெதுவும் தெரியவருவதில்லை. கண்ட முடிவைச் சொல்லி, அம்முடிவு எழுப்பும் கேள்வியை அடுத்த இயலிடம் ஒப்படைப்பதே தொகுப்புரையின் கடமை என்பது என் துணிபு.

குறுந்தொகையின் பாலைப் பாடல்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதப்படுவதாகக் கொள்வோம். இரண்டாம் இயல் கூற்று பற்றியது. மூன்றாம் இயல் சுரத்தின் வருணனை பற்றியது. பொருளடக்கத்தில் இவை அடுத்தடுத்து இருக்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகத் தோன்றாது. இரண்டாம் இயலின் தொகுப்புரை இப்படி முடிந்தால் என்ன ஆகும்? 'சுரத்தை வருணிப்போர் பலர் அவ்வழியே செல்லாதவர்கள். வீட்டிலிருக்கும் தலைவியும் தோழியும். செல்லாத வழியை அவர்கள் ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார்கள்?' இக்கேள்வியை ஏற்றுக்கொண்டு தொடங்கும் மூன்றாம் இயல், மரங்களையும் விலங்குகளையும் வெறுமனே பட்டியலிட முடியாது. 37ஆம் பாடலில் பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிற்றைக் காட்டுபவள் தோழி. அக்காட்சியைக் காணும் தலைவன் திரும்பி வருவான் என்று தலைவியைத் தேற்றவே அதைச் சொல்கிறாள். நிலம் இங்கே வாதமாகிறது. கூற்றியல் இல்லாமல் இதைக் கண்டிருக்க முடியாது.

இணைப்பு உண்மையானதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. முன்னுரைகளையும் தொகுப்புரைகளையும் மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படியுங்கள். மூன்றாம் இயலையும் நான்காம் இயலையும் இடம் மாற்றி வைத்தும் ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியதில்லை என்றால், அங்கே இணைப்பு இல்லை. அப்போது திருத்த வேண்டியது தொகுப்புரையா, இயல் வைப்புமுறையா என்பதை ஆய்வாளர் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல வேளைகளில் பழுது பின்னதில்தான் இருக்கும். எல்லா இயல்களின் வரைவும் முடிந்த பிறகே இப்பகுதிகளை இறுதி செய்ய வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். முடிவு தெரியாமல் எழுதிய முன்னுரை வாக்குறுதியாகவே தங்கிவிடும்.

இயலின் முடிவைத் தொகுப்புரையில் மீண்டும் சொல்வது கூறியது கூறல் ஆகாதா என்று கேட்கலாம். சான்றுகளை மீண்டும் அடுக்கினால் ஆகும். முடிவை ஒரு பத்தியில் நிறுத்தினால் ஆகாது. திருக்குறள் உரையில் பரிமேலழகர் அதிகாரந்தோறும் அதன் வைப்புமுறைக்குக் காரணம் காட்டுகிறார். அதைக் கூறியது கூறல் என்று யாரும் ஒதுக்கியதில்லை. அறிவுடைய வாசகருக்கு இது எதற்கு என்பது இன்னொரு தடை. ஆய்வேட்டை மதிப்பிடுபவர் அதை ஒரே அமர்வில் படிப்பது அரிது. வேறு பணிகளுக்கிடையே, ஓர் இயலுக்கும் மறு இயலுக்கும் நாள் இடைவெளி விட்டே படிக்கிறார். அவர் மறந்தது அறிவுக் குறையன்று. ஆனால் எல்லா ஏட்டிலும் இச்சங்கிலி அமையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐந்து புலவர்களை இயலுக்கு ஒருவராக வைத்து ஒப்பிடும் ஏட்டில், ஒருவரிடமிருந்து அடுத்தவர் பிறப்பதில்லை. அங்கே இல்லாத தொடர்ச்சியை இட்டுக்கட்டாமல், எல்லா இயலும் எந்த ஒரே கேள்விக்கு விடை தருகின்றன என்று சொல்லி நிறுத்துவதே போதும்.